கட்டுரைச் சுருக்கத்தின் கடைசி வரி

1950களில் ராயபுரத்தில் தமிழாசிரியையாக இருந்தேன். இலக்கிய மாநாடு ஒன்றுக்குக் கட்டுரைச் சுருக்கம் கேட்டிருந்தார்கள். எந்தக் கதைகள், என்ன வாதம், என்ன முடிவு, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். பெண்கள் எழுதிய ஐந்து சிறுகதைகளை எடுத்து, வீட்டில் எந்த இடத்தில் பெண் பேசுகிறாள், எங்கே வாயை மூடுகிறாள் என்று குறித்தேன். கிணற்றடியில் பேசுகிறவள் கூடத்தில் கணவன் முன்னால் பேசுவதில்லை. ‘இம்மௌனம் பெண் அடங்கிப்போனதன் அடையாளம்’ என்று முடித்தேன்.

வீட்டிலிருந்த ஒரே மேசை, துறைமுகத்தில் குமாஸ்தாவான என் கணவருடையது. நான் அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதினேன். அவர் வந்து நின்றார்.

“மாநாட்டுக்கெல்லாம் நீ போவ வேணாம். அன்னிக்கு அண்ணன் வூட்லேர்ந்து இங்க சாப்ட வராங்க.”

ஆத்திரத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

“இன்னா, பேசாம கீறே? அப்போ சரின்னுதான் அர்த்தம்” என்று போய்விட்டார்.

கொதித்துப்போனேன். நான் எப்போது சரி என்றேன்? குனிந்தால், மடியில் என் கடைசி வரி. நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். ஐந்து பெண்களையும் இவர் காதால் கேட்டிருக்கிறேன். அவர்மேல் இருந்ததைவிட என்மேல் கோபம் வந்தது.

அந்த வரியை அடித்துவிட்டு, ‘கேட்பவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் இம்மௌனம், இக்கதைகளில் மறுப்பு’ என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

மாநாட்டன்று நான் அடுப்பு மூட்டவில்லை. கூடத்தில் அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தையும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.