கடைக்காரனின் கை

பதினோராம் வகுப்பில் எங்களுக்கு வைத்த ஆங்கில நாவலில் ஒரு கடைக்காரன் வருவான். ஒளிந்து வாழும் அகதிச் சிறுமி ஒருத்தி மழைக்கு அவன் கடையில் ஒதுங்குவாள். அவள் சாய்ந்து நின்ற மேசையை அவன் துணியால் துடைப்பான். "இங்கேயே இரு, இங்கே குளிராது" என்பான். பிறகு பின்னறைக்குப் போய்ப் பொலிசுக்கு போன் அடிப்பான். கதையைச் சொல்பவள் அந்தச் சிறுமி. வகுப்பே அவனைக் கரித்துக்கொட்டியது, எல்லாரையும்விட அதிகமாக நான்.

அந்தக் காட்சியை அவன் கண்ணால் திருப்பி எழுதச் சொன்னார் டீச்சர். நடந்தது மாறக்கூடாது. பேச்சில் ஒரு சொல்லும் மாறக்கூடாது. அவனுக்குத் தெரிய முடியாததை அவன் சொல்லக்கூடாது. இன்ன சொல்லை ஏன் போட்டோம் என்று ஒரு பக்க விளக்கமும் வேண்டும்.

நாங்களே இந்த நாட்டுக்குப் படகில் வந்த அகதிகள். தற்காலிக விசாவில் இருக்கும் எங்களுக்கு, ஸ்கொலர்ஷிப் கிடைத்தால்தான் யூனி, பல்கலைக்கழகம். அதற்கு ஆங்கில மாக்ஸ் வேண்டும். அதை வாங்க ஒரு காட்டிக்கொடுத்தவனுக்கு நான் வக்காலத்து வாங்க வேண்டும்!

தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் கப் வாங்கிய வாய் எனக்கு. ஆகவே முதல் தடவை அவனை மேடையேற்றினேன். "ஆம், நான் கல்நெஞ்சக்காரன்!" என்று முழங்கினான். டீச்சர் சிவப்புப் பேனாவால் எழுதினார்: "தன்னைக் கெட்டவன் என்று யார் நினைக்கிறார்கள்? இது சிறுமியின் குரல். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பேசுகிறது." இரண்டாம் தடவை, சிறுமியின் தாய் நோயாளி என்று அவன் இரங்கினான். "அது அவளுக்குத்தான் தெரியும். அவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். "அவளைப் பார்க்கவில்லை என்றால், அவன் எதைப் பார்த்தான்? அதை எழுது."

பார்க்க எனக்கு ஒரு கண் தேவைப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் பழைய வீட்டுக்கார அன்ரியின் கண்ணை எடுத்தேன்.

அந்த அன்ரியும் யாழ்ப்பாணம்தான். நார்த்மீட் புறநகரில் அவளுடைய வீட்டு வளவின் பின்னால் இருந்த சின்ன வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பாவின் விசா மறுக்கப்பட்டது என்று கேள்விப்பட்டதும் அம்மாவைக் குசினிக்குக் கூப்பிட்டாள். நானும் போனேன். "உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன், வேற இடம் பாருங்கோ" என்றாள். அம்மா எழும்பியதும், அவ இருந்த கதிரையைத் துணியால் துடைத்தாள். எங்கள் ஆட்களுக்குத் தீட்டுக் கழிக்கும் அந்தத் துடைப்பின் அர்த்தத்தை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதே துடைப்பைக் கடைக்காரனுக்குக் கொடுத்தேன். ஆனால் இப்போது உள்ளேயிருந்து. சிறுமிக்கு அவன் "துடைத்தான்", அவ்வளவுதான். அவனுக்கோ கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, துணியை எடுக்கிறான், கை நடுங்குகிறது. அவன் பார்ப்பது சிறுமியை அல்ல, வாசலில் அவள் விட்ட ஈரத்தை, தெருவில் மெதுவாகப் போகும் காரை. "இங்கே குளிராது" என்பது அவளுக்குப் பொறி. அவன் வாயில் அதே சொல் உண்மையான ஹீட்டரைத்தான் சொல்கிறது. அவன் போனும் அடிக்கிறான். அதை நான் அழிக்கவில்லை. விளக்கத்தில், அவனை மன்னிக்கவில்லை, பக்கத்தில் போய் நின்றேன் என்று எழுதினேன்.

வகுப்பில் முதலாவது மாக்ஸ். டீச்சர் உரத்து வாசித்தார். கடைக்காரனைத் திட்டிய பெட்டைகளே "பாவம்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் தமிழில் சொன்னேன். மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவ, முழுதும் கேட்டா.

"உது ஆற்ற கை?"

"கடைக்காரன்ர."

"எனக்குத் தெரியாதோ? அந்த வீட்டுக்காரியின்ரதானே."

"ஓம். ஆனா அம்மா, அவவுக்கும் பயம் இருந்திருக்கும். எங்களால தனக்குப் பிரச்சினை வருமெண்டு..."

"உன்ர டீச்சருக்கு அங்க நடந்தது தெரியாது. அவ பயமெண்டு சொல்லட்டும். நீ அங்க நிண்டனீ."

"மாக்ஸ் வேணுமம்மா."

"வாங்கிப்போட்டாய்தானே. காணும்."

எனக்குக் கோபம் வந்தது. எல்லாருக்கும் ஒரு பக்கம் இருக்கு, அதுதான் பாடம் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அம்மா வெங்காயத்தை ஒதுக்கி வைத்தா. எழும்பினா. குசினித் துணியை எடுத்து, தான் இருந்த கதிரையை மேலிருந்து கீழாக, மூலைகூட விடாமல், ஆறுதலாக, அவசரமே இல்லாமல் துடைத்தா.

"இப்பிடித்தான் துடைச்சவள்," என்றா. "பார்."

கை நடுங்கவே இல்லை.