எல்லாரும் பார்த்து வந்த காணொளி

கற்பிட்டிப் பக்கத்தில் நான் கணிதம் படிப்பிக்கும் பாடசாலைக்கு ஆசிரிய ஆலோசகர் வந்தார். "டீச்சர், தலைகீழ் வகுப்பறை ஒண்டு செஞ்சு காட்டுங்க" என்றார். பாடத்தைக் காணொளியாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் அதை வீட்டில் பார்ப்பார்கள், வகுப்பில் கணக்கு மட்டும் செய்வார்கள். என் பதவி உயர்வுக்கு அவருடைய அறிக்கை தேவைப்பட்டது. "ஓம் சேர்" என்றேன்.

பாடம் (x − 3)². பதினொரு தடவை பதிவுசெய்தேன். ஒரு தடவை சேவல் கூவியது, ஒரு தடவை கணவர் தேத்தண்ணி கேட்டார், மற்றத் தடவைகளில் முக்காடு சரியாக நிற்கவில்லை. கடைசிப் பதிவை நானே நாலு முறை பார்த்தேன். முக்காடு அழகாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் ஆலோசகர் பின்வரிசைக் கதிரையில் இருந்தபடி, "காணொளி பார்த்த ஆக்கள் கை தூக்குங்க" என்றார். ஒருத்தியைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள்.

"வாப்பாட போனு சேர். கடலுக்குக் கொண்டு போயிட்டாரு" என்றாள் அவள். அவர் படிவத்தில் ஏதோ எழுதினார்.

நான் (x − 5)² கொடுத்தேன். பார்த்த கொப்பியிலெல்லாம் x² − 10x − 25. கடைசியில் கழித்தல் குறியோடு சய இருபத்தைந்து! இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"நீங்கதான் அப்பிடிச் சொன்ன டீச்சர்" என்றான் ஒருவன். "நாங்க நிப்பாட்டி நிப்பாட்டி மூணு தரம் பார்த்த."

விளங்காததைத் திரும்பப் பார்க்கலாம் என்பதுதான் இந்த முறையின் பெரிய பலம். என் பிழையை அவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கரும்பலகையில் பிழை விட்டிருந்தால் முன்வரிசை அந்த நொடியே கத்தியிருக்கும். காணொளியிடம் யார் கத்துவது?

காணொளி பார்க்காதவளின் கொப்பியில் மட்டும் கூட்டல் குறியோடு சக இருபத்தைந்து இருந்தது. "ரெண்டு சயவைப் பெருக்கினா சகதானே டீச்சர்?" என்றாள்.

பிழை என்னுடையது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. விளக்கும் வேலை இல்லாததால் மீதி நேரம் முழுக்க மேசை மேசையாகப் போய்த் திருத்த முடிந்தது. அதுவும் இந்த முறையின் பலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆலோசகர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்: "மாணவர்கள் காணொளியை நன்கு உள்வாங்கியுள்ளனர். பார்க்காமல் வந்த மாணவியின் பெற்றோருக்கு அறிவுறுத்தவும்." அதன் கீழே நான் கையெழுத்து வைத்தேன். பதவி உயர்வும் வந்தது.

இப்போது கலப்புக் கற்றல் செய்கிறேன். முதலில் பலகையில் நானே விளக்குவேன். பிறகு ஒரு குழு என் போனில் காணொளி பார்க்கும், மற்றக் குழு என்னோடு கணக்குச் செய்யும். யார் எங்கே இடறுகிறார்கள் என்று முகத்திலேயே தெரிகிறது. ஆயத்த வேலை இரட்டிப்பு, சத்தம் அதிபரின் அறை வரைக்கும் போகிறது.

எந்தக் காணொளியையும் முதலில் அன்று பார்க்காமல் வந்த அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டுக் காட்டுகிறேன். அவள் தலையாட்டினால்தான் குழுவுக்குப் போகும். அவளுடைய வாப்பாவுக்கு நான் இன்னும் எதையும் அறிவுறுத்தவில்லை.