மைனஸ் முப்பத்திநான்கில் நின்ற படகு

கோட்டைக்குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தாள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கப் போனபோது சிப்பி கிழித்து, காலில் தையல் போட்டிருந்தார்கள். பள்ளிக்கு வரவில்லை. ஒரு மாலை பஸ் ஸ்டாப்பில் அவள் அம்மா ஒரு தாளை நீட்டினாள்.

"உங்க கையில தான் குடுக்கணும்னு சொல்லிச்சு டீச்சர்."

"போன்ல கிளாஸ் குரூப்பிலேயே கேட்டிருக்கலாமே?"

"எல்லாரும் பாப்பாங்கன்னு வெக்கப்படுது."

பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். அறுபது மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். உச்சியிலிருந்து பார்த்தால் படகின் இறக்கக் கோணம் முப்பது பாகை. அடியிலிருந்து படகு எவ்வளவு தூரம்? அவள் எழுதியிருந்தாள்:

"மதிப்பிற்குரிய டீச்சர், புத்தகத்தின் பின்னால் விடை 60√3 என்று இருக்கிறது. நானும் 60-ஐ tan 30°-ஆல் வகுக்கும் வரை வந்துவிட்டேன். அதைப் போட்டோ எடுத்து, கணக்குப் போடும் ஆப்பில் போட்டால் போன் மைனஸ் 34.64 என்கிறது. ஏன் மாறுகிறது? மைனஸ் என்றால் படகு அந்தப் பக்கம் இருக்கிறதா? நைனாவைக் கேட்டேன். அந்தப் பக்கம் தரைதான், படகு எப்படிப் போகும் என்கிறார்."

தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். புத்தகம் சரி, ஏறக்குறைய 103.92 மீட்டர். ஆனால் 34.64 எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. அந்தப் போட்டோவை எனக்கு மட்டும் அனுப்பச் சொல்லி அம்மாவின் எண்ணுக்குச் செய்தி போட்டேன்.

வீடு சேர்வதற்குள் வந்துவிட்டது. பார்த்ததும் புரிந்தது. பாகைக் குறியை முப்பதுக்குப் பக்கத்தில், அதே உயரத்துக்கு உருண்டையாகப் போட்டிருந்தாள். போன் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு tan 300 என்று கணக்கிட்டிருந்தது. அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன். அவளே எடுத்தாள்.

"போன் என்ன படிச்சிருக்குன்னு மேல பாரு."

"ஐயய்ய, முந்நூறுன்னு கீது டீச்சர்."

"வட்டத்தைச் சின்னதா, மேல தூக்கிப் போடு."

மறுபடி எடுத்தாள். 103.92 வந்தது.

"அப்போ போன் தப்பு தானே?"

"இல்ல. முந்நூறு பாகைக்கு அது சொன்னது சரிதான்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் தப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தாள் போல.

"முந்நூறுக்கு ஏன் மைனஸ் வருது?"

"அது பதினொண்ணாம் கிளாஸ் பாடம்."

"இப்பவே சொல்லுங்க."

அரிசியை அடுப்பில் வைத்திருந்தேன். ஒரு வட்டம் வரைந்துகொள் என்று ஆரம்பித்தேன். பின்னால் அவள் நைனா, "படகு இன்னா, கரையேறிச்சா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "இரு நைனா, வட்டம் போட்டுனு கீறேன்" என்றாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது நாங்கள் வட்டத்தில் முந்நூறு பாகை விழுகிற, tan மைனஸாகிற நான்காம் கால்பகுதிக்கு வந்திருந்தோம்.