நடுவில் இருந்த சூடு

என் அண்ணியை டெலிவரிக்காரர்கள் எல்லாரும் பூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஷட்டருக்கு வெளியிலிருந்து, "பூண்டக்கா, என் ஆர்டர் ரெடியா?" என்று கத்துவார்கள். அண்ணியும், "உன் தலையைத்தான் வறுத்துக்கிட்டிருக்கேன், நில்லு" என்பாள். அவளுக்கு வாய் நீளம். மனசு அதைவிட நீளம் என்று ஊர் சொல்லும். அந்த ஊரோடு நான் சேர்வதற்கு ரொம்ப நாள் ஆனது.

மருந்துக் கடைக்குப் பின்னால், முன்பு தையல் கடையாக இருந்த ஒற்றை அறைதான் எங்கள் கிச்சன். பெயர்ப்பலகை கிடையாது, மேஜை நாற்காலி கிடையாது, வாடிக்கையாளர் முகத்தை நாங்கள் பார்த்ததும் கிடையாது. ஆன்லைனில் ஆர்டர் வந்தால் சுவரில் மாட்டிய டேப்லெட் மணி அடிக்கும், அதுதான் எங்களுக்கு வாடிக்கையாளர். விற்பது ஒரே ஐட்டம், பூண்டு ஃப்ரைட் ரைஸ். முட்டை போட்டது, கோழி போட்டது, ஒன்றும் போடாதது. மெல்லிசாகச் சீவிய பூண்டை எண்ணெயில் போட்டுவிட்டு அண்ணி பேச்சை நிறுத்திவிடுவாள். கருகுவதற்கு ஒரு மூச்சு முன்னால் அள்ள வேண்டும். அந்த ஒரு மூச்சு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பூண்டு அவள் வேலை, சாதம் என் வேலை. சுடச்சுட இருக்கும் சாதத்தை வறுத்தால் குழைந்துவிடும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே வடித்து, ஆறு தட்டுகளில் விரல் கனத்துக்குப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து, சூடு போனதும் பெரிய டப்பாவில் அள்ளி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கிச்சனுக்கு லைசென்ஸ் வாங்கும்போது ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்த அண்ணி, அன்றைக்கே என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"சூட்டோட மொத்தமா அள்ளி மூடி வெச்சா, நடுவுல சூடு நின்னுடும். அதுல விஷம் ஊறும். வாசனை வராது, ருசி மாறாது. மறுபடி எவ்வளவு வறுத்தாலும் போகாது. புரிஞ்சுதா?"

"நான் என்ன பாப்பாவா?" என்றேன். பாப்பா என் மகள். மூன்றாம் வகுப்பு.

தினமும் நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணி கேட்பாள்: "பரப்பினியா?" நானும் ஆமாம் என்பேன். இரண்டு வருஷம் அது உண்மையாகத்தான் இருந்தது.

அந்தப் புதன்கிழமை ஒரு பார்சலில் ஸ்பூன் வைக்க மறந்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒரு ஸ்டார் போட்டுவிட்டார். அண்ணி இரண்டு டெலிவரிக்காரர்கள் முன்னால், "உனக்கு மூளை எங்கே இருக்கு?" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் இவள் புருஷனின் கூடப்பிறந்தவள், இவளுக்கு எடுபிடி வேலை செய்ய வந்தேனா? அவள் பூண்டு வாங்க மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில், ஆவி பறக்கப் பறக்க மொத்தச் சாதத்தையும் டப்பாவில் கொட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் தள்ளினேன். அதோடு விட்டேனா? ஆறு தட்டுகளையும் தண்ணீரில் நனைத்து, பரப்பி ஆறவைத்த பிறகு கழுவியது போல ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்த ஈரத் தட்டுகள்தான் என்னைக் கூசவைக்கின்றன. சாதத்தைக் கோபத்தில் கொட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தட்டை நனைத்தது கோபம் இல்லை.

"பரப்பினியா?"

"ஆமா."

ஸ்டாண்டைப் பார்த்தாள், தலையாட்டினாள், பூண்டை உரிக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் ஒரு ஆபீசுக்கு மத்தியானம் நாற்பது பாக்ஸ். நான் ஒன்பதரைக்குப் போனபோது அண்ணி முதல் ஈடு வறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஈட்டுக்குச் சாதம் அள்ள டப்பாவுக்குள் கையை விட்டேன். மேலே சில்லென்று இருந்தது. முழங்கை வரை போனதும் கை நின்றுவிட்டது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், "அண்ணி" என்றும் சொன்னேன். "என்ன?" என்று திரும்பினாள். ஈரத் தட்டுகள் ஞாபகம் வந்தது. "உப்பு இங்க இருக்கு" என்றேன். என்ன ஆகிவிடப்போகிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே சாதத்தை அள்ளிக் கொடுத்தேன். பாக்ஸ் பாக்ஸாக மூடி ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஸ்பூன் வைத்தேன், ஒன்றைக்கூட மறக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு அண்ணி அடுப்பை அணைத்தாள். பூண்டு எண்ணெயில் இருக்கும்போதே அணைத்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"வயித்தைப் புரட்டுது" என்று சுவரைப் பிடித்தாள். முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொடுத்தேன், அதையும் கக்கினாள்.

"என்ன சாப்பிட்டீங்க அண்ணி?" என்றேன்.

"காலையில எட்டு மணிக்கு ரெண்டு வாய், இந்தச் சாதம்தான்."

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. "நான் பரப்பல அண்ணி. சூட்டோட கொட்டிட்டேன். நடுவுல இன்னும் சூடா இருக்கு."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தவழாத குறையாக வந்து டேப்லெட்டில் கடையை ஆஃப் செய்தாள். ஆபீசுக்கு போன் போட்டு, "சாப்பாடு வராது, தப்பு எங்களோடதுதான்" என்றாள். மூடி வைத்திருந்த பதினாறு பாக்ஸையும் குப்பைப் பையில் கொட்டினாள். ஒரு பாக்ஸும் வெளியே போகவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அண்ணி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாப்பா காலையில இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போனா. 'அத்தை, பசிக்குது'ன்னா. சூடா வறுத்து டிபன் பாக்ஸ்ல போட்டுக் கொடுத்தேன்."

டப்பாவில் மேலாக நாலு அகப்பைதான் எடுத்திருப்பாள். அந்த மேல் சாதமும் ராத்திரி பூராவும் அந்தச் சூட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு இடைவேளை, இந்நேரம் சாப்பிட்டிருப்பாள். போன் போட்டேன், லைன் பிஸி. மறுபடியும் பிஸி. மூன்றாம் தடவை நான் அடிப்பதற்குள் என் போனே அடித்தது. "உங்களைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம்மா. குழந்தை வாந்தி நிக்கல, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம், நேரா அங்க வந்துடுங்க" என்றார் டீச்சர்.

பாப்பாவுக்கு நான்கு நாள் டிரிப்ஸ் ஏறியது. இரண்டாம் நாள் டாக்டர், ஈரலைப் பற்றி ஏதோ சொல்லி, இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அந்த முடிவு வரும்வரை நான் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டாள்.

என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள்: "என் தப்பு. சாதத்தைச் சரியா பாக்காம கொடுத்துட்டேன்." அவள் கையிலும் அப்போது ஊசி குத்தியிருந்தது. பாப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கிச்சனைத் திறந்தோம். அண்ணி என்னைப் போகச் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று இன்றுவரை கேட்டதும் இல்லை. பரப்பினியா என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். நான் பரப்பி முடித்ததும் எழுந்து வந்து, ஆறு தட்டிலும் தன் கையை வைத்துப் பார்ப்பாள்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடத்துக்கு வேறு தெரு சுற்றிப் போகிறாள். அத்தை கொடுத்தால் பிஸ்கட்டைக்கூட வாங்குவதில்லை. நேற்று அண்ணி ஒரு ஆரஞ்சை உரிக்காமல் முழுசாக நீட்டினாள். பாப்பா என் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, நீ குடுத்தா சாப்பிடுறேன்" என்றாள். அண்ணி அந்தப் பழத்தை என் கையில் வைத்தாள். நான் அதை உரித்துக் கொடுத்தேன்.