சின்னவன் போடாத கையெழுத்து

சின்னவன் என்ற பேச்சை எடுத்தாலே பட்டறைக்காரனுக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் நெருப்பைப் பார்த்ததுபோல் கண் எரியும். கூடப்பிறந்த தம்பியோடு ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கேட் செய்யச் சொல்லி வருகிறவர்கள் தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒப்புக்கு விசாரித்தாலும், அளவு நாடாவை மேஜைமேல் விட்டெறிந்து, "உங்களுக்குக் கேட் வேணுமா, தம்பி வேணுமா?" என்பான். அப்பா சொத்தில் தகராறு என்று தெருவில் ஒரு பேச்சு. அப்பா விட்டுப்போனது செயின் கழன்ற ஒரு சைக்கிளும் மளிகைக்கடைப் பாக்கியும்தான். அதில் தகராறு பண்ண என்ன இருக்கிறது? சண்டை ஒரு கையெழுத்தால் வந்தது. அதுவும் அவனுக்காகப் போட வேண்டிய கையெழுத்து இல்லை. அக்காவுக்காகச் சின்னவன் போட்டிருக்க வேண்டியது.

அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவைப் பார்த்துக்கொண்டவள். முதலில் துவைக்க, பிறகு மேற்பார்வைக்கு. ரத்தம் பட்ட விரிப்பை வெந்நீரில் போட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில்தான் முதலில் ஊற வேண்டும் என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டையாகிவிட்டது. ஆவி அடித்து அடித்து இரண்டு முன்கையிலும் தோல் நிறம் மாறியிருந்தது. கல்யாணம் ஒன்று நடந்தது. ஒரு வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள், என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எனக்கு ஒத்து வரல, அவருக்கு நான் ஒத்து வரல, கணக்கு நேர்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு இருந்த ஒரே ஆசை, வாடகைக்காரி என்று யாரும் கூப்பிடாத நாலு சுவர்.

அந்த நாலு சுவரை வங்கிக் கடனில் வாங்கினாள். அவள் சம்பளம் ஒன்றை மட்டும் வைத்துக் கேட்ட தொகை கிடைக்காது என்றார்கள். இன்னொரு சம்பளக்காரர் கூட்டுக் கடன்தாரராகச் சேர்ந்தால் கிடைக்கும். பட்டறைக்காரன் வருமானத்துக்கு ரசீது ஏது, சம்பளச் சீட்டு ஏது? சின்னவன் அப்போது ஒரு அலுவலகத்தில் மேஜை வேலை. தாராளமாகச் சேர்கிறேன் என்றான். கடனில் பேர் இருந்தால் பத்திரத்திலும் பேர் இருக்கட்டும், அதுதானே முறை என்று கூடவே ஒரு வார்த்தை போட்டான். வங்கி அப்படிக் கேட்கவில்லை. அக்காதான், கூடப்பிறந்தவன்தானே, எழுதினால் குறைந்தா போய்விடும் என்று பாதிப் பங்கை அவன் பேரிலும் எழுதினாள். அன்றைக்கே பட்டறைக்காரன் பல்லைக் கடித்தான். பேர் எழுதிய நாளோடு சரி. ஒரு தவணைகூடச் சின்னவன் கட்டியதில்லை. மாற்றல் வாங்கி வேறு ஊருக்குப் போய்விட்டான்.

வருடங்கள் போயின. ஒரு மழைக்காலத்தில் படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு கான்கிரீட் பாளம் பெயர்ந்து தலையணைமேல் விழுந்தது. அக்கா வேலையில் இருந்ததால் தப்பித்தாள். பட்டறைக்காரன் ஏணி போட்டுச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். தட்டிய இடமெல்லாம் பொத்தென்று ஓசை. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாய்களை அறுத்து அன்றைக்கே முட்டுக் கொடுத்தான். கூரையை உடைத்துப் புதிதாகப் போட ஆறு லட்சம் ஆகும் என்று கொத்தனார் சொன்னார். முட்டு எத்தனை நாள் தாங்கும் என்று அக்கா கேட்டதற்கு, "நான் வெச்ச முட்டு நிக்கும். கூரை நிக்குமான்னு கூரையைக் கேளு" என்றான்.

இருவரும் வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவில் இருந்த பெண் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். ஒரு தவணை தவறவில்லை, வீட்டு மதிப்பும் ஏறியிருக்கிறது, ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடன்மேலேயே டாப்-அப் லோன் போடலாம் என்றாள். வட்டி ஒன்பதரை. அதே வீட்டு அடமானம்தான் இதற்கும் ஈடு. வீட்டுக் கடனுக்கு மிச்சமிருக்கும் பன்னிரண்டு வருடம் வரை நீட்டிக்கொள்ளலாம், மாதம் ஏழாயிரத்துக்குள் முடியும். ஆனால் அவ்வளவு நீட்டினால் வட்டியே நாலு லட்சம் தாண்டும், முடிந்தால் ஐந்து வருடத்தில் கட்டிவிடுங்கள் என்று அவளே எச்சரித்தாள். மதிப்பீட்டாளர் வர வேண்டும், வக்கீல் பத்திரத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

பர்சனல் லோன் என்றால் இரண்டே நாள். ஈடு எதுவும் வேண்டாம், சம்பளக் கணக்கு போதும். வட்டி மட்டும் பதினைந்து, தவணைக் காலம் அதிகபட்சம் ஐந்து வருடம், மாதம் பதினாலாயிரத்துச் சொச்சம். முன்கூட்டி அடைத்தால் அதற்கும் ஒரு கட்டணம். அதே ஐந்து வருடத்துக்கு டாப்-அப் என்றால் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. இரண்டுக்கும் நடுவே மொத்தத்தில் ஒரு லட்சம் வித்தியாசம். கை இறுகுகிற மாதத்தில் காலத்தை நீட்டிக்கொள்ளும் வசதி டாப்-அப்பில்தான் உண்டு என்று முடித்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? டாப்-அப்பையே போடுங்கம்மா" என்றான் பட்டறைக்காரன்.

"போட்டுடலாம். பத்திரத்துலயும் கடன்லயும் பேர் இருக்கிற ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

தவணை முழுக்க அக்கா கணக்கிலிருந்துதானே போகிறது, அவன் எதற்கு என்று பட்டறைக்காரன் குரலை உயர்த்தினான். கட்டியவர் யார் என்பது வங்கிக்குத் தேவையில்லை, வீட்டின்மேல் கூடுதல் கடன் ஏறுகிறது, சொந்தக்காரர் இருவரும் சம்மதிக்க வேண்டும் என்று அந்தப் பெண் பொறுமையாகவே சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல். கத்துவதற்கு அங்கே ஆள் இல்லை.

வங்கி வாசலில் நின்றே அக்கா சின்னவனுக்குப் போன் போட்டாள். கூரை விழுந்த கதையைக் கேட்டு உச்சுக்கொட்டினான். உடம்பு பத்திரம் என்றான். கையெழுத்து என்றதும் தொண்டையைச் செருமினான். தான் இப்போது ஒரு அடுக்குமாடி வீடு பார்த்திருப்பதாகவும், இந்த டாப்-அப்பும் தன் பேரில் ஏறினால் தனக்கு வங்கி தரும் தொகை குறைந்துவிடும் என்றும் சொன்னான். அதுவரை சொன்னது நியாயம்தான். அக்காவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுத்துச் சொன்னான்.

"அப்படியும் போடணும்னா போடறேன்க்கா. எனக்கு ஒரு பேப்பர் மட்டும் எழுதிக் குடு. என் பாதிக்கு இன்னைய விலை என்னவோ, அதை ரெண்டு வருஷத்துல குடுத்துடறேன்னு. இல்லன்னா வீட்டை வித்துப் பிரிச்சுக்கலாம்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் பட்டறைக்காரன் காதிலும் விழுந்தது. போனைப் பிடுங்கி, வாயில் வந்ததையெல்லாம் பேசினான். வாசல் காவலாளி எழுந்து வந்துவிட்டார். ஒரு செங்கல்லுக்குக் காசு கொடுத்திருக்கிறாயா, ஒரு மாதத் தவணை உன் பாக்கெட்டிலிருந்து போயிருக்கிறதா, பாதியாம் பாதி என்று அவன் கத்தியதில் பாதியைச் சின்னவன் கேட்கவே இல்லை, எப்போதோ வைத்துவிட்டான்.

இன்றைக்கே பஸ் ஏறிப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்று கிளம்பியவனை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இழுத்துட்டு வந்து? கையைப் பிடிச்சுக் கையெழுத்துப் போட வைப்பியா? பேரை எழுதினது நான்டா. அவன் கேக்கறான். கேக்கற இடத்துல அவனை நான்தான் உக்கார வெச்சேன். இனிமே அவன்கிட்ட என்ன வாங்கினாலும் அதுக்கு ஒரு விலை சொல்லுவான்."

"அதுக்காக ஒரு லட்சத்தைத் தூக்கி வங்கிக்குக் குடுப்பியா?"

"குடுப்பேன். அந்தக் கடன் என் தலைமேல மட்டும் நிக்கும். வீட்டுமேல நிக்காது."

திரும்பவும் உள்ளே போய், பர்சனல் லோன் படிவத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் நாள் பணம் வந்தது. ஒரு மாதத்தில் கூரை ஏறியது.

அதன் பிறகுதான் பட்டறைக்காரனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. வீட்டுத் தவணை ஒரு பக்கம், பதினாலாயிரம் ஒரு பக்கம், சம்பளம் வந்த அன்றைக்கே காலி. ஐம்பதைத் தாண்டியவள் இரவு முறையும் சேர்த்துப் பார்த்தாள். ஆட்டோவை விட்டு நடந்தாள். பல்வலியைக் கிராம்பு வைத்தே ஓட்டி, கடைசியில் இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இவன் பணம் நீட்டினால் வாங்கமாட்டாள். "உன் பொண்டாட்டி பிள்ளைக்கு வெச்சுக்கோ. நான் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்" என்பாள். கணக்கு சரிதான். கணக்குச் சரியாக இருந்ததால்தான் அவனுக்கு ஆறவே இல்லை. தெரியாமல் ஏமாந்திருந்தால் ஏமாற்றியவனைத் திட்டலாம். எது மலிவு என்று நன்றாகத் தெரிந்தே, தம்பிக்குக் கழுத்தை நீட்டாமல் இருக்க ஒருத்தி மாதாமாதம் அதிகம் கட்டினாள். ஒவ்வொரு மாதமும் தவணைத் தேதியில் அவன் பட்டறையில் கம்பியை அடிக்கிற அடியில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

சின்னவன் அந்த அடுக்குமாடி வீட்டை வாங்கினான். புதுவீட்டுக்கு வரச்சொல்லிச் செய்தி அனுப்பினான். அக்கா ஒரு குக்கர் வாங்கி அனுப்பினாள். பட்டறைக்காரன் அந்தக் குக்கரைப் பற்றி அவளிடம் ஒரு வாரம் சண்டை போட்டான்.

ஐந்து வருடத்தில் பர்சனல் லோன் முடிந்தது. அதற்கும் இரண்டு வருடம் கழித்து, இந்த மாதம், அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கைக்கு வந்த தொகையில் மிச்சமிருந்த வீட்டுக் கடனை ஒரே அடியாக அடைத்துவிட்டாள். அடமானத்தில் இருந்த அசல் பத்திரத்தைத் திருப்பி வாங்க, பேர் இருக்கிற இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றது வங்கி. அவளே சின்னவனுக்குப் போன் செய்தாள். பத்திரம் என்றதும் அடுத்த நாளே வருகிறேன் என்றானாம்.

"வருவான். ஏன் வரமாட்டான்? பாதியைத் தூக்கிட்டுப் போகத்தானே" என்று பட்டறைக்காரன் சுத்தியலைக் கீழே போட்டான்.

அக்கா பட்டறைக்குள் வந்து, அறுத்துப்போட்ட கம்பிகளை ஒதுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் அவன் இதுவரை பார்க்காத ஒரு இறுக்கம்.

"பாதி அவன் பேர்ல இருக்கு. எனக்கு விட்டுக்குடுத்து எழுதிக் குடுடான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கப் போறேன். குடுத்தா வீடு எனக்கு. குடுக்கலன்னா வித்து அவன் பங்கைத் தூக்கிப் போட்டுட்டு வாடகைக்குப் போறேன். ஆனா கடன்காரியா அவன் முன்னாடி நான் உக்காரல. அதுக்குத்தான்டா அவ்வளவு வட்டி கட்டினேன்."

பட்டறைக்காரன் கீழே கிடந்த சுத்தியலை எடுத்து வைத்தான். கையுறையைக் கழற்றினான், திரும்ப மாட்டினான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு பஸ்ஸ்டாண்டுல இறங்கறான்" என்றாள் அக்கா. "உன் வண்டில ஏத்தி நேரா வங்கிக்குக் கூட்டிட்டு வந்துடு. வழியில ஒரு வார்த்தை திட்டிடாத. அவனைத் திட்டறதுக்கு ஏழு வருஷமா நான் சேத்து வெச்சிருக்கேன். நீ பாட்டுக்கு முதல்ல கொட்டிட்டா, அவன் அதையே சாக்கா வெச்சு ரோஷத்தோட அடுத்த பஸ் ஏறிடுவான். வாயை மூடிக்கிட்டு வண்டி ஓட்டு. அது ஒண்ணை மட்டும் எனக்காகச் செய்."