நாலு ஞாயிற்றுக்கிழமை

கிடங்குக்காரர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் அவருக்குத் தெரியாமல் ஒரு பஞ்சுகூட நகர்ந்ததில்லை. அதை அவரே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் உள்தணிக்கைக்கு வந்த பெண்ணின் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டில் கடைசி நாலு ஞாயிற்றுக்கிழமையும் கட்டங்கள் காலி.

"காரணம் என் அலட்சியம்னே எழுதிடும்மா. வேலை போனா போகட்டும்."

"அதுக்கு முன்னாடி ஒரு ஞாயிறுகூட விடலையே அண்ணே?"

"ஞாயிறு எனக்கு லீவு நாள்தான். பதினோரு வருஷமா நானாத்தான் வந்துட்டிருந்தேன். இப்ப வீட்டுக்காரி இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறா. அவளை யாரு தூக்கி உட்கார வைக்கிறது?"

அவள் பணிப் பட்டியலைப் புரட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு யார் பெயரும் இல்லை. கொஞ்ச நேரம் எழுதிவிட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினாள். அவர் விரல் வைத்துப் படித்தார்.

"நாலு ஞாயிறு வெப்பநிலை குறிக்கப்படவில்லை. தினமும் இருமுறை குறிக்க வேண்டும் என்பது விதி. ஞாயிறு பணிக்கு ஆள் நியமிக்கப்படாததே காரணம். பதிவு இல்லாததால், தடுப்பூசி கெடவில்லை என்று உறுதி சொல்ல வழியில்லை. சோதிக்கும்வரை இருப்பை ஒதுக்கி வைக்கவும். ஞாயிறு பணிக்குப் பொறுப்பாளரை நியமிக்கவும்."

வேலை தப்பியது. ஆனாலும் அவர் முகம் சுருங்கியது.

"பதினோரு வருஷம் வந்திருக்கேன், என் பேரையே காணோமே?"

"குறையில உங்க பேர் எதுக்குண்ணே? இனி ஞாயித்துக்கிழமை அண்ணி பக்கத்துல இருங்க."