கடன்காரர்கள் அறியவும்

நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் ஆபீஸில் தமிழ் எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வக்கீல் இங்கிலீஷில் சொல்லுவார், நான் மளமளவென்று தமிழில் எழுதி நீட்டுவேன், அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். யாராவது ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்குப் படகு விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டாள். ஒரே மகன் இளவயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறியவன். அங்கே குண்டு விழுந்த வருஷத்தில் செத்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குக் காகிதம் ஒன்றும் இல்லை, ஆனால் ஏழு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. சட்டத்துக்கு அது போதும். மகன் இல்லையென்றால் சொத்து பெரியவருடைய தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் போகும். மூத்தவருக்கு வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. அவர்தான் எங்கள் வக்கீலை வைத்து ஹைகோர்ட்டில் மனுப் போட்டு, சொத்தை நிர்வகிக்கும் உத்தரவு வாங்கியிருந்தார்.

உத்தரவு வாங்கியவுடன் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. செத்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள் யார், நமக்குத் தெரியாத வாரிசு எங்காவது உண்டா என்று பொது விளம்பரம் கொடுக்க வேண்டும். கெடு முடியும்வரை காத்திருந்துவிட்டால், தெரியவந்த கோரிக்கைகளை மட்டும் தீர்த்துவிட்டு மிச்சத்தைப் பிரித்துக்கொடுக்கலாம். அப்புறம் ஒருவன் வந்து நின்றால், சொத்தை வாங்கிக்கொண்டவர்களைத் துரத்திப் பிடிக்க அவனுக்கு வழி உண்டு, ஆனால் பிரித்துக்கொடுத்தவரைக் கேட்க முடியாது. அதுவும் ஒரு நிபந்தனையின் பேரில்தான். பிரிக்கும்போது அவருக்கு அந்த ஆளைப்பற்றித் தெரிந்திருக்கக் கூடாது.

விளம்பரத்தைத் தமிழில் எழுதியது நான். 'காலஞ்சென்ற இன்னாருடைய கடன்காரர்களும் வாரிசுகளும் இந்தத் தேதிக்குள் தெரிவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதினேன். கடன் கொடுத்தவர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். அது எனக்குத் தோன்றவே இல்லை. பத்திரிகையில் வந்தது. ராயபுரத்து வீட்டுக் கதவிலும் ஒரு பிரதியை நானே ஒட்டினேன்.

கெடு முடியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த வீட்டைத் திறந்து, யாராவது வருகிறார்களா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியது என் வேலை. இரண்டாம் தடவை போனபோது கதவருகில் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. அடுத்த தடவை ஒரு சுருள் கயிறு, துருப்பிடித்த சின்ன நங்கூரம், ஒரு அரிக்கேன் விளக்கு. யாரோ வீட்டைக் குப்பைத்தொட்டி ஆக்குகிறார்கள் என்று நான் எரிந்து விழுந்தேன். அன்றைக்கு உச்சி வேளையில், நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு மீன்காரம்மா வந்து வாசலில் ஒரு தராசுத் தட்டை வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கூப்பிட்டேன், நிற்கவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் நடப்பார்களே, அப்படித் தலையைத் திருப்பாமல் போனாள்.

ஓடிப்போய் வழி மறித்தேன்.

"இன்னா சாமி என்னிய நிறுத்துற?" என்றாள். கண்ணில் பயம் இருந்தது. "அவருகிட்ட வாங்கினு போனது. குடுக்காம வுட்டுட்டேன். செத்தப்புறம் பேப்பர்ல போட்டுக் கேக்குறாருன்னா சும்மா இருக்க முடியுமா? வூட்ல புள்ளகுட்டி கீது."

"அவர் எங்கேம்மா கேட்டார்? அது ஆபீஸ் நோட்டீஸ்."

"கடங்காரங்க வரணும்னு அவரு பேரு போட்டுத்தானே கீது? ராத்திரில கனவுலகூட வந்தாராம், எதிர்வூட்ல சொல்றாங்க. நான் வச்சிட்டேன், அவ்ளோதான், வுடு." போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டு, செத்த மனிதரைத் தெருத்தெருவாகக் கேட்க அனுப்பிவிட்டேன். வக்கீலிடம் சொல்லித் திருத்தி மறுபடி விளம்பரம் போட்டிருக்கலாம். கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், என் தமிழும் சந்தி சிரிக்கும். வேலை போனாலும் போகும் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. கூடத்தில் செத்தவருடைய பெரிய போட்டோ, விடைத்த காதும் ஒட்டிய கன்னமுமாக. வாசலில் நாளுக்கு நாள் சாமான் பெருகிக்கொண்டே வந்தது. யாரும் கதவைத் தட்டுவதில்லை, பேசுவதில்லை. வெயில் உச்சிக்கு வரும்போது செருப்பில்லாத கால் சத்தம் கேட்கும், எதையோ வைக்கிற சத்தம் கேட்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. துறைமுகத்துச் சங்கு ஊதினால்கூட எனக்குத் தூக்கிப்போட்டது. முறையாகக் கோரிக்கை எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டே பேர்: படகுக்கு மரம் கொடுத்த ஒரு மரவாடிக்காரர், ஒரு டாக்டர். அவர்களை நோட்டில் பதிந்தேன்.

கெடுவின் கடைசி நாள், அதே உச்சி வேளை. கால் சத்தம் வாசலில் நின்றது. எதையும் வைக்கிற சத்தம் கேட்கவில்லை, திரும்பிப் போகிற சத்தமும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், அழுக்கு வேட்டி, காலெல்லாம் உப்பும் சேறும். வெறுங்கையோடு நின்றார்.

"யார் நீங்க? சாமான் எங்கே?" என்றேன். எரிச்சல்தான்.

"சாமான் இல்ல சாமி. கடங்காரன் வரணும்னு போட்டுகீதாமே? நெட்டுக்குப்பத்துல டீக்கடைல பேப்பரு படிச்சாங்க. நடந்தே வந்துட்டேன்."

"என்ன கடன்?"

"அவரு என்னிய பேரு சொல்லிக் கூப்ட்டதே இல்ல சாமி. எப்பவும் கடங்காரா, கடங்காராதான். நான் செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்காதேன்னாரு, மிதிக்கல. பர்மாவுலருந்து நடந்து வந்தவன், எட்டு மைல்ல இருந்துகினு கொள்ளி வைக்கக்கூட வரல. இப்ப அவரே கூப்புடறாருன்னு வந்தேன். ஒரு தபா வெளக்கு ஏத்திட்டுப் போயிடறேன்."

வழியை விட்டேன். அவர் உள்ளே போய் போட்டோவுக்கு முன்னால் நின்றார். அதே காது, அதே கன்னம். வாசலில் கிடந்த அரிக்கேனை எடுத்து வந்து ஏற்றினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், குடித்தார். கீழே வைத்த டம்ளரில் அவருடைய உதடு பட்ட ஈரம் இருந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

"இந்த வூடு யாருக்குப் போவுது?" என்றார். கேட்டதற்குப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. நீங்கள்தான் வாரிசு, உங்களுக்குத்தான், முழுவதும் உங்களுக்குத்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு காகிதத்தில் பெயரும் ஊரும் எழுதிக் கைநாட்டு வாங்கியிருந்தால் போதும். அப்படி எழுதினால், எப்படி வந்தார் என்ற கேள்வி வரும், என் விளம்பரம் வெளியே வரும். "பங்காளிகளுக்கு" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்," என்றார். வாசலைத் தாண்டி வெயிலில் நடந்தார். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வக்கீல் கேட்டார். "கோரிக்கை எத்தனை வந்தது?"

"இரண்டு சார்."

"வாரிசு என்று யாராவது?"

"யாரும் வரவில்லை சார்."

அதையே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மரவாடிக்காரருக்கும் டாக்டருக்கும் தீர்த்தார்கள். சொத்தைப் பிரிக்க நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் துணிக்கடைக்காரர் ஆபீஸுக்கு வந்தார். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். மனிதர் வெளிறிப்போயிருந்தார்.

"குமாஸ்தா சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எங்க பெரியப்பா மவனை எதிர்வூட்டு அம்மா பாத்தாங்களாம். பட்டப்பகல்ல. அந்த வூட்டுக்குள்ள போயி வெளக்கு ஏத்திட்டு வெயில்ல போச்சாம். ஆவின்னு ராயபுரம் பூரா பேசிக்கினு கீறாங்க. அன்னிக்கு நீங்கதானே உள்ள இருந்தீங்க? யாராச்சும் வந்தாங்களா?"

நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"சின்னதுல என்னியத் தோள்ல தூக்கினு கடலுக்குப் போவும் சார் அந்த அண்ணன்," என்றார். கண் கலங்கிவிட்டது. "உசுரோட கீதுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க. வூடு, படகு, எல்லாத்தையும் அதுகிட்டயே குடுத்துட்டுப் போயிடறேன். எனுக்குக் கடை கீது."

அந்த மாதிரி ஒரு மனிதர் என் எதிரில் உட்கார்ந்து அப்படிக் கேட்டார். என் கையெழுத்துப் போட்ட காகிதம் வழக்குக் கட்டுக்குள் கிடந்தது. இப்போது மாற்றினால் முதல் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். இந்த வயதில் நினைத்தாலும் என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

"யாரையும் பார்க்கலீங்க," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஆவிதான்," என்றார். சாந்தி பண்ண வேண்டும், நீங்களும் வாங்க, நீங்கதான் அங்கே தனியாக இருந்தவர், உங்களுக்கும் நல்லது என்றார். போனேன். வாசலில் குவிந்திருந்த சாமானையெல்லாம் வண்டியில் ஏற்றிக் கடலில் போடக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். பூசாரி வேப்பிலையால் என் தலையிலிருந்து கால்வரை தடவினார். செத்துப்போன மகனுடைய பெயரைச் சொல்லி, இனி இந்த வாசலுக்கு வராதே என்று மூன்று தடவை கட்டளையிட்டு, பூசணிக்காயைப் படியில் போட்டு உடைத்தார். துணிக்கடைக்காரர் வாய்விட்டு அழுதார். எட்டு மைலுக்கு அப்பால் அந்த மனிதர் அந்நேரம் வலை உதறிக்கொண்டிருந்திருப்பார். நான் கைகட்டிக்கொண்டு நின்றேன்.